பகிர்ந்த பிறகு திருத்தம்: தலைப்பு தானாகப் போகும் செய்தித்தளத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

நான்கைந்து பேர் நடத்தும் ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தில் இரவு டெஸ்க்கையும் தளத்தின் தொழில்நுட்ப வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன். வேர்ட்பிரஸில் செய்தி வெளியானதும் ஃபீட் வழியாகத் தலைப்பு டெலிகிராம் சேனலுக்கும் ஃபேஸ்புக் பக்கத்துக்கும் எக்ஸ் தளத்துக்கும் தானாகப் போகும். வாட்ஸ்அப் சேனலுக்கு மட்டும் கையால் போடுகிறோம். செய்தி சரியாக இருக்கும்வரை இந்த ஏற்பாட்டில் தொல்லை இல்லை. வெளியான செய்தியில் ஒரு பிழை தெரிந்து திருத்தப் போகும்போதுதான் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். திரும்பத் திரும்ப இதைச் சரிசெய்ததில் தெரிந்துகொண்டதை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு தயாரிப்பு. பகிர்ந்த ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பொது ஷீட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். வேர்ட்பிரஸ் பதிவு எண், டெலிகிராம் செய்தி எண், ஃபேஸ்புக், எக்ஸ் பதிவுகளின் லிங்க், வாட்ஸ்அப்பில் போட்ட நேரம் என ஐந்து விவரங்கள் போதும். டெலிகிராம் எண்ணைத் தேடி அலைய வேண்டாம். பொதுச் சேனலில் அந்தச் செய்தியின் லிங்க்கை எடுத்தால் `t.me/yourchannel/1573` என்று வரும், கடைசியில் உள்ள 1573தான் எண். இந்த ஷீட் இல்லாத நாட்களில், பிழையைத் திருத்த ஆன நேரத்தைவிடப் பிழை எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தேடியதற்கே அதிக நேரம் போனது.

## அறிகுறி 1: தளத்தில் திருத்திவிட்டோம், பகிர்ந்த இடத்தில் பழைய தலைப்பே தெரிகிறது

முதலில் எந்தத் தலைப்பு பழையதாக இருக்கிறது என்று பாருங்கள். பகிர்ந்த பதிவில் தலைப்பு இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று, பதிவின் வாசகம். பகிரும் கருவி தட்டிப் போட்டது. மற்றொன்று, லிங்க்குக்குக் கீழே படத்தோடு வரும் பிரிவியூ கார்டு. அந்தந்தத் தளம் நம் பக்கத்தைப் படித்து எடுத்துக்கொண்டது. இரண்டையும் திருத்தும் வழி வேறு வேறு.

### வாசகம் பழையதாக இருந்தால்

தளத்தில் என்ன செய்தாலும் இது மாறாது. போட்ட இடத்துக்குப் போய்த்தான் திருத்த வேண்டும்.

டெலிகிராமில் சேனல் நிர்வாகி அந்தச் செய்தியைத் திறந்து திருத்தலாம். போட்டது பாட் என்றால் ஒரு கட்டளையிலும் முடியும்:

```
curl -s "https://api.telegram.org/bot$TOKEN/editMessageText" \
  -d chat_id=@yourchannel \
  -d message_id=1573 \
  --data-urlencode "text=திருத்தப்பட்டது: ..."
```

படத்தோடு போட்ட செய்தி என்றால் இது பிழை காட்டும். அங்கே வாசகம் படத்தின் கேப்ஷனாக இருப்பதால் `editMessageCaption` என்பதைப் பயன்படுத்தி, `text` இருக்கும் இடத்தில் `caption` என்று கொடுக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் டோக்கன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் புது டோக்கன் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃபேஸ்புக் பக்கத்தில் கையால் திருத்தலாம். கருவி வழியாகத் திருத்தப் பார்த்து அனுமதி இல்லை என்று வந்தால், அந்தப் பதிவைப் போட்ட ஆப் வேறாக இருக்கும். எந்த ஆப் போட்டதோ அந்த ஆப்தான் திருத்த முடியும். கையால் செய்பவருக்கு இந்தத் தடை இல்லை.

எக்ஸ் தளத்தில் கட்டணக் கணக்கு இருந்தால் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் திருத்தலாம். இல்லையென்றால் திருத்தவே முடியாது. அங்கே என்ன செய்வது என்பதை அறிகுறி 5-இல் சொல்கிறேன்.

### கார்டு பழையதாக இருந்தால்

எளிய காரணத்திலிருந்து ஆரம்பியுங்கள். எங்கள் அனுபவத்தில் முதல் காரணம் எஸ்.இ.ஓ. பிளகின். அதில் சமூக ஊடகத் தலைப்புக்கென்று தனிப் பெட்டி இருக்கும். உதவி ஆசிரியர் அதைக் கையால் நிரப்பியிருந்தால், மேலே செய்தியின் தலைப்பை மாற்றினாலும் அந்தப் பெட்டியில் பழையதே இருக்கும். கார்டு எடுப்பது அந்தப் பெட்டியிலிருந்துதான். லாகின் இல்லாத நிலையில் பக்கம் என்ன காட்டுகிறது என்று இப்படிப் பார்க்கலாம்:

```
curl -sL "https://example.com/?p=4821" | grep -i "og:title"
```

இதில் பழைய தலைப்பு வந்தால், முதலில் பிளகின் பெட்டி. அது சரியாக இருந்தும் பழையதே வந்தால், தளத்தின் கேச். கேச் பிளகினில் அந்தப் பக்கத்தை மட்டும் நீக்குங்கள். முழுத் தளத்தின் கேச்சையும் காலி செய்தால் கூட்டம் அதிகமுள்ள நேரத்தில் சர்வர் திணறும். சிடிஎன் வைத்திருந்தால் அங்கேயும் அந்த முகவரியை மட்டும் நீக்க வேண்டும்.

புதிய தலைப்பு வருகிறது, கார்டு மட்டும் பழையது என்றால், பழசைப் பிடித்து வைத்திருப்பது பகிர்ந்த தளம். ஃபேஸ்புக்குக்கு `developers.facebook.com/tools/debug` பக்கத்தில் லிங்க்கைக் கொடுத்து Scrape Again அழுத்துங்கள். டெலிகிராமில் `@WebpageBot` என்ற பாட்டுக்கு லிங்க்கை அனுப்பினால் அது பக்கத்தை மறுபடி படிக்கும். வாட்ஸ்அப்பில் இப்படி எதுவும் கிடையாது. அங்கே கார்டு அனுப்புபவரின் போனிலேயே உருவாகிச் செய்தியோடு போய்விடுகிறது.

இத்தனைக்கும் பிறகு தலைப்பு மாறி, படத்தில் உள்ள எழுத்து மட்டும் பழையதாக நின்றால், தலைப்பைப் படத்திலேயே பொறித்திருக்கிறீர்கள். புதுப் படத்தைப் புதுக் கோப்புப் பெயரில் ஏற்றுங்கள். பழைய பெயரிலேயே மாற்றி வைத்தால் கேச்சுகள் பழைய படத்தையே தரும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: Scrape Again அழுத்தியும் 403 பிழை வந்தால், உங்கள் சர்வரின் ஃபயர்வால் ஃபேஸ்புக்கின் பாட்டைத் தடுக்கிறது. `curl -A "facebookexternalhit/1.1"` என்று அதே பக்கத்தைக் கேட்டுப் பார்த்து, அதுவும் தடுக்கப்பட்டால் ஹோஸ்டிங் ஆட்களிடம் அந்த விவரத்தோடு போங்கள். ஃபயர்வால் விதிகளில் நீங்களே கை வைக்க வேண்டாம்.

## அறிகுறி 2: திருத்திய உடனே அதே செய்தி மறுபடி பகிரப்பட்டது

வாசகருக்கு ஒரே செய்தி இரண்டு முறை, இரண்டு தலைப்பில் வரும். எது சரி என்று அவருக்குத் தெரியாது. பழசு மேலே நிற்க, புதுசு கீழே வந்து விழும்.

பகிரும் கருவி ஒரு செய்தியைப் புதியதா பழையதா என்று எதைக் கொண்டு முடிவு செய்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. ஃபீடில் ஒவ்வொரு செய்திக்கும் இந்த இரண்டு வரிகள் இருக்கும்:

```
<guid isPermaLink="false">https://example.com/?p=4821</guid>
<pubDate>Tue, 04 Nov 2025 00:38:00 +0000</pubDate>
```

நேரம் தவறாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். அது உலகப் பொது நேரம். இந்திய நேரத்துக்கு 5.30 மணி கூட்டினால் காலை 6.08. `guid` என்பது செய்தியின் நிரந்தர அடையாளம். தலைப்பை மாற்றினாலும் பெர்மாலிங்க்கை மாற்றினாலும் வேர்ட்பிரஸ் இதை மாற்றுவதில்லை. கருவி இதைப் பார்த்து முடிவு செய்தால் திருத்தம் மறுபகிர்வு ஆகாது. கருவி லிங்க்கையோ தேதியையோ பார்த்தால்தான் சிக்கல்.

காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலாவது, செய்தியைத் திருத்தியவர் அதை ஒரு நிமிடம் டிராஃப்ட் ஆக்கிவிட்டு மறுபடி வெளியிட்டாரா என்று கேளுங்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்வார்கள், பிழையான செய்தி யார் கண்ணிலும் படக் கூடாது என்று. ஆனால் பல பகிர்வு பிளகின்கள் ‘டிராஃப்டிலிருந்து வெளியீடு’ என்ற அந்த மாற்றத்தைக் கண்டதும் செய்தியைப் பகிர்ந்துவிடும். வெளியான செய்தியை டிராஃப்ட் ஆக்காதீர்கள். திறந்து, திருத்தி, அப்டேட் கொடுங்கள்.

இரண்டாவது, வெளியான தேதியை ‘இப்போது’ என்று மாற்றியிருப்பார்கள், முகப்பில் மேலே வரட்டும் என்று. மூன்றாவது, பெர்மாலிங்க்கை மாற்றியிருப்பார்கள். நான்காவது, பழைய பதிவை நகலெடுத்துப் புதுப் பதிவாகத் திருத்தியிருப்பார்கள். அப்போது `guid` புதியது, கருவியின் மேல் குற்றமே இல்லை.

இவை எதுவும் இல்லை என்றால் கருவியின் அமைப்பைத் திறந்து, ‘திருத்தப்பட்டவற்றையும் பகிர்’ என்ற பொருளில் ஏதாவது தேர்வு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். Atom வகை ஃபீடைக் கொடுத்திருந்தால் அதில் `updated` என்று ஒரு நேரம் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மாறும். அதைப் பின்பற்றும் கருவிக்கு ஒவ்வொரு திருத்தமும் புதுச் செய்தி. ஆர்எஸ்எஸ் முகவரிக்கு மாற்றிக் கொடுத்தால் தீரும்.

மறுபகிர்வு ஏற்கெனவே நடந்துவிட்டதா? அப்படியானால் இரண்டாவதாக வந்ததை, சரியானதாகவே இருந்தாலும், நீக்குங்கள். பழைய பதிவைத் திருத்துங்கள். வாசகர்கள் கருத்து எழுதியதும் பகிர்ந்ததும் பழைய பதிவைத்தான். அது திருந்தாமல் நிற்பதுதான் ஆபத்து.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: ஒரு செய்தி மட்டும் என்றில்லாமல் பழைய செய்திகள் வரிசையாகப் பகிரப்பட ஆரம்பித்தால், முதலில் கருவியை நிறுத்துங்கள், பிறகு போன் போடுங்கள். தளத்தின் டொமைனையோ `http`-ஐயோ மாற்றியபோது தரவுத்தளத்தில் இருந்த `guid`களையும் சேர்த்து மாற்றிவிட்டார்கள் என்றே பெரும்பாலும் அர்த்தம். அதைப் பேக்கப்பிலிருந்து மீட்பது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

## அறிகுறி 3: செய்தி சரி, தலைப்பும் சரி, பகிர்ந்ததில் மட்டும் பொருள் தலைகீழ்

என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் மோசமான பிழை. காரணம் நம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். மறுப்பும் கடைசியில்தான் வரும். ‘இல்லை’, ‘வேண்டாம்’, ‘முடியாது’, ‘மறுப்பு’, ‘ரத்து’ எல்லாம் வாக்கியத்தின் வாலில் உட்கார்ந்திருக்கும். பகிரும் கருவி இடம் போதவில்லை என்று வெட்டுவதும் வாலைத்தான்.

‘கனமழை எச்சரிக்கை இருந்தாலும் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை இல்லை’ என்று தலைப்பு. கருவி வெட்டியதும் ‘கனமழை எச்சரிக்கை இருந்தாலும் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை…’ என்று போகிறது. தளத்தைத் திறந்து பார்க்கும் ஆசிரியருக்கு எந்தப் பிழையும் தெரியாது. போனில் அறிவிப்பைப் பார்த்தவர் பிள்ளையை எழுப்பாமல் விட்டுவிடுவார்.

### எங்கே வெட்டுப்பட்டது என்று கண்டுபிடிக்க

ஃபீடை உலாவியில் திறந்து தலைப்பு முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெட்டியது கருவி. கருவியின் வார்ப்புருவில் தலைப்புக்கு எழுத்து வரம்பு போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். ஆங்கிலத் தளங்களுக்காக 60 அல்லது 70 என்று போட்ட வரம்பு அப்படியே நம்மிடம் வந்திருக்கும்.

அந்த 60 நம் கண்ணுக்குத் தெரியும் 60 எழுத்து இல்லை. கணினி, ஓர் எழுத்தை ‘த’, ‘க’ போன்ற அடிப்படை எழுத்தும் அதோடு சேரும் குறியுமாகப் பிரித்து எண்ணுகிறது. ‘தி’ என்பது இரண்டு, ‘க்’ என்பதும் இரண்டு. ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை இல்லை’ என்பதை எண்ணிப் பாருங்கள். நம் கணக்கில் 16 எழுத்தும் 3 இடைவெளியும், மொத்தம் 19. கணினிக் கணக்கில் 32. ஆக, 60 என்ற வரம்பில் ஏழெட்டுச் சொல் தாண்டுவதற்குள் கத்தி விழுந்துவிடும். எக்ஸ் தளத்தின் 280-உம் இதே கணக்குத்தான். அதில் லிங்க்குக்கு 23 போய்விடும். தலைப்பு மட்டும் என்றால் அங்கே இடம் தாராளம். தலைப்போடு முதல் பத்தியையும் சேர்த்துப் போடும்போதுதான் வெட்டுப்படுகிறது.

### சரிசெய்ய

செலவில்லாத வழி, வரம்பை நீக்கிவிட்டு முதல் பத்தியைச் சேர்க்காமல் தலைப்பும் லிங்க்கும் மட்டும் போடுவது. பெரும்பாலான தளங்களுக்கு இதுவே போதும்.

அடுத்தது, தலைப்பு எழுதும் பழக்கம். போன் அறிவிப்பு எங்கே வெட்டும் என்பது நம் கையில் இல்லை. அதனால் மறுப்பை முன்னால் கொண்டுவர வேண்டும். ‘விடுமுறை இல்லை: நாளை பள்ளிகள் வழக்கம்போல் இயங்கும்’ என்று எழுதினால் எங்கே வெட்டினாலும் பொருள் கெடாது. ‘இயங்கும்’ என்ற உடன்பாட்டு வினையில் முடிப்பதும் ஒரு பாதுகாப்பு. எங்கள் டெஸ்க்கில் ‘இல்லை’யில் முடியும் தலைப்பு வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

கடைசி வழி, பகிர்வுக்கென்று தனிக் குறுந்தலைப்புப் பெட்டி வைத்து அதை மட்டும் கருவிக்குக் கொடுப்பது. அதற்கு நிரலாளர் வேண்டும். அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: வெட்ட வேண்டிய இடங்களில் பிஎச்பியின் `substr` வேண்டாம், தமிழில் அது எழுத்தின் நடுவே வெட்டி � என்ற குறியை விடும். `mb_substr` வெட்டினால் ‘பலி’ ‘பல’ ஆகிவிடக்கூடும். `grapheme_substr` முழு எழுத்தாக வெட்டும். ஆனால் அதுவும் ‘இல்லை’யைக் காப்பாற்றாது. அதனால்தான் தலைப்புப் பழக்கத்தை இதற்கு முன்னால் வைத்தேன்.

## அறிகுறி 4: பகிர்ந்த லிங்க்கை அழுத்தினால் ‘பக்கம் இல்லை’ என்று வருகிறது

திருத்துகிறேன் என்று யாரோ பதிவைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பியிருப்பார்கள். மீட்டெடுங்கள். செய்தி முழுவதும் தவறு என்றாலும் பக்கத்தை அழிக்க வேண்டாம். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, என்ன தவறு, எது சரி, எப்போது நீக்கினோம் என்று மூன்று வரி எழுதி அதே முகவரியில் விடுங்கள். பகிர்ந்த லிங்க்கிலிருந்து வருபவருக்குத் திருத்தம் கிடைக்கும் ஒரே இடம் அதுதான்.

பெர்மாலிங்க் மாற்றியதால் என்றால், வேர்ட்பிரஸ் பழைய முகவரியை நினைவில் வைத்துப் புதியதற்குத் திருப்பிவிடும். ஆனாலும் கேச்சும் சிடிஎன்னும் நடுவில் இருக்கும்போது இதை நம்பி இருக்க வேண்டாம்.

இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். பெர்மாலிங்க்குக்கு வேர்ட்பிரஸ் 200 எழுத்து இடம்தான் ஒதுக்குகிறது. அறிகுறி 3-இல் சொன்ன கணினிக் கணக்கில் வரும் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் குறியும் முகவரியில் `%E0%AE%A8` போல 9 எழுத்தாக விரியும். அதாவது அந்தக் கணக்கில் மொத்தம் 22-க்குள் முகவரி முடிந்துவிடும். ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை இல்லை’ என்ற தலைப்பின் முகவரி ‘நாளை-பள்ளிகளுக்கு-விடுமு’ என்பதோடு நின்றுபோகும். ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிப்பு’ என்று இன்னொரு செய்தி போட்டால் அதற்கும் அதே முகவரிதான் வரப்பார்க்கும், கடைசிக் குறி போய் `-2` சேரும். திருத்தும் அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் திருத்திய சம்பவம் எங்களுக்கே நடந்திருக்கிறது.

அதோடு, பிழையான பெயர் முகவரியிலும் பதிந்துவிட்டால் தலைப்பைத் திருத்தியும் பிழை லிங்க்கில் நிற்கும். இதற்கெல்லாம் ஒரே தீர்வு, பகிரும்போது `https://example.com/?p=4821` என்ற எண் முகவரியைக் கொடுப்பது. முகவரி எத்தனை முறை மாறினாலும் அது சரியான பக்கத்துக்கே போகும், ஷீட்டில் எழுதவும் சுலபம்.

## அறிகுறி 5: எல்லாவற்றையும் திருத்திவிட்டோம், ஆனாலும் பழைய தகவலே சுற்றுகிறது

திருத்தம் என்பது பழைய பதிவின் மேல் நடப்பது. அதைப் பார்த்துவிட்டுப் போனவருக்கு அது போய்ச் சேராது. டெலிகிராமில் ஒரு செய்தியைத் திருத்தினால் ‘edited’ என்று சிறியதாக ஒரு சொல் சேரும், அறிவிப்பு போகாது. வேறு குழுவுக்கு முன்னனுப்பிய பிரதி மாறவே மாறாது. வாட்ஸ்அப் சேனலில் 30 நாள் வரை திருத்தலாம், அங்கேயும் குழுக்களுக்குப் போனவை பழையபடியே இருக்கும்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: பழைய தலைப்பை நம்பி ஒருவர் ஏதாவது செய்வாரா, செய்யாமல் விடுவாரா? ‘ஆம்’ என்றால் திருத்துவதோடு புதிய செய்தியும் போட வேண்டும். ‘இல்லை’ என்றால், உதாரணமாக ஒருவரின் பதவியைத் தவறாக எழுதியிருந்தால், பழைய பதிவைத் திருத்திச் செய்தியின் அடியில் திருத்தக் குறிப்பு எழுதினால் போதும். எழுத்துப் பிழைக்குக் குறிப்புகூட வேண்டாம்.

ஒரு மழைக்கால விடியலில் எங்களுக்கு நடந்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன். காலை 6.08-க்கு ‘கனமழை: பள்ளி, கல்லூரிகளுக்கு இன்று விடுமுறை’ என்று வெளியானது. ஆட்சியரின் அறிவிப்பில் இருந்தது பள்ளிகள் மட்டும். 6.31-க்கு ஒரு கல்லூரி மாணவி டெலிகிராமில் கேட்ட பிறகுதான் கவனித்தோம். அதற்குள் நான்கு இடங்களுக்கும் போய்விட்டது.

முதல் வேலையாகப் பகிரும் கருவியின் வரிசையை நிறுத்தினோம். ‘காலைச் செய்திகள்’ தொகுப்பில் அதே தலைப்பு 7 மணிக்கு மறுபடி போவதாக இருந்தது. இதை மறந்திருந்தால் திருத்திய பிறகும் பிழை போயிருக்கும். 6.34-க்கு தளத்தில் தலைப்பும் உள்ளடக்கமும் எஸ்.இ.ஓ. பெட்டியும் மாறின, டிராஃப்ட் ஆக்கவில்லை, தேதியையும் முகவரியையும் தொடவில்லை. அந்தப் பக்கத்தின் கேச்சை நீக்கி `og:title` பார்த்தோம். அதற்கு அப்புறம்தான் ஃபேஸ்புக்கில் Scrape Again, டெலிகிராமில் `@WebpageBot`. இந்த வரிசை முக்கியம். கேச்சை நீக்கும் முன் Scrape Again அழுத்தினால், பழைய தலைப்பையே ஃபேஸ்புக் புதியதாகப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிறகு டெலிகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் பதிவுகளின் வாசகத்தைத் திருத்தினோம். ஃபேஸ்புக்கில் திருத்த வரலாற்றை யாரும் திறந்து பார்க்கலாம் என்பதால் மறைப்பதற்கும் அங்கே எதுவும் இல்லை. 6.45-க்கு புதிய செய்தி போனது. டெலிகிராமில் அதைப் பழைய செய்திக்கு ரிப்ளையாகவே போட்டோம், மேலே வரும் மேற்கோளைத் தொட்டால் பழையது தெரியும்படி. வாசகம் இது:

‘திருத்தம்: கல்லூரிகள் இன்று வழக்கம்போல் இயங்கும். பள்ளிகளுக்கு மட்டுமே விடுமுறை. கல்லூரிகளுக்கும் விடுமுறை என்று காலை 6.08-க்கு நாம் வெளியிட்டது தவறு.’

சரியான தகவல் முதலில், தவறு கடைசியில். அறிவிப்பு எங்கே வெட்டுப்பட்டாலும் முன்னால் நிற்பது சரியான தகவலாக இருக்க வேண்டும். ‘கல்லூரிகளுக்கு விடுமுறை என்ற செய்தி தவறானது’ என்று ஆரம்பித்திருந்தால், வெட்டுப்பட்டு மறுபடி பிழையே போயிருக்கும்.

எக்ஸ் தளத்தில் திருத்தும் வசதி எங்களுக்கு இல்லை. பழைய பதிவுக்கு ரிப்ளையாகத் திருத்தம் போடுவதா, பதிவையே நீக்குவதா என்று அங்கே முடிவு செய்ய வேண்டியிருந்தது. பழைய பதிவைப் பார்ப்பவர் பதிலைப் பார்ப்பார் என்பது நிச்சயமில்லை. ஒருவர் அன்று கல்லூரிக்குப் போவதா என்பது அதில் தொங்கியதால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு நீக்கினோம். நீக்கியதையும் திருத்தச் செய்தியில் சொன்னோம். சொல்லாமல் நீக்கினால், ஏற்கெனவே பார்த்தவருக்கு அது வாய்மூடியதாகத்தான் தெரியும். அவசரமில்லாத பிழைகளுக்கு நாங்கள் நீக்குவதில்லை, பதில் மட்டும் போடுகிறோம்.

அதன் பிறகு கருவியில் 10 நிமிடத் தாமதம் வைத்தோம். வெளியாகி 10 நிமிடம் கழித்துத்தான் பகிர்வு போகும். எங்கள் பிழைகளில் பல, வெளியான முதல் சில நிமிடங்களில் செய்தியாளரே பார்த்துச் சொல்பவை. அவை இப்போது வெளியே போவதே இல்லை. பேரிடர் எச்சரிக்கைகளுக்கு மட்டும் தாமதத்தை நீக்கி, இரண்டு பேர் பார்த்த பிறகு கையால் போடுகிறோம்.

## அறிகுறி 6: திருத்தினால் போதாது, பதிவே இருக்கக் கூடாது

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயர், படம், ஊர், பள்ளி என அடையாளம் காட்டும் ஏதாவது போய்விட்டால் மேலே சொன்ன வரிசை பொருந்தாது. இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவும், பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் இதைத் தடுக்கின்றன. எல்லா இடத்திலும் உடனே நீக்குங்கள். டெலிகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் திருத்தி வைப்பது போதாது, ஃபேஸ்புக்கில் பழைய வாசகம் திருத்த வரலாற்றில் நிற்கும். தளத்தில் படத்தைப் பதிவிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது. மீடியா நூலகத்திலிருந்தும் அதன் சிறிய பிரதிகளோடு நீக்கி, சிடிஎன்னிலும் அந்தப் படத்தின் முகவரியை நீக்க வேண்டும். பெயர் பெர்மாலிங்க்கில் இருந்தால் முகவரியையும் மாற்றுங்கள். அறிகுறி 4-இல் சொன்னதற்கு இது மட்டும் விதிவிலக்கு. மாற்றிய பிறகும் வேர்ட்பிரஸ் பழைய முகவரியை `_wp_old_slug` என்ற பெயரில் வைத்திருக்கும், அதையும் நிரலாளரை வைத்து நீக்குங்கள். திருத்தக் குறிப்பில் எதை நீக்கினோம் என்று விவரித்து மறுபடி அடையாளம் காட்டிவிடாதீர்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: நீக்கி முடித்த கையோடு வழக்கறிஞரை. அவதூறு என்று நோட்டீஸ் வந்த செய்தியிலும் அப்படித்தான். அவரைக் கேட்காமல் திருத்தக் குறிப்பின் வாசகத்தை எழுத வேண்டாம். வாசகரின் புகார் முறையாக வந்திருந்தால், 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இந்தியாவில் இயங்கும் இணையச் செய்தித்தளம் 24 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எந்தப் பதிவு எப்போது போனது, எப்போது திருத்தினோம், எப்போது நீக்கினோம் என்ற நேரங்களை வழக்கறிஞர் முதலில் கேட்பார். அந்த ஷீட்டையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.